பிடிஎச் ரிப்போர்ட்டைத் தனியாகப் படிப்பதால் வரும் தவறுகள்

பாராதைராய்டு ஹார்மோன் ரிப்போர்ட்டில், அதாவது பிடிஎச்சில், எண்ணுக்குப் பக்கத்தில் ‘அதிகம்’ என்ற குறி இருக்கும். குழப்பம் பெரும்பாலும் அந்தக் குறியிலிருந்துதான் தொடங்குகிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பிகள் பிடிஎச்சைக் கூட்டும், கால்சியம் கூடினால் குறைத்துக்கொள்ளும். எனவே அன்றைய கால்சியம் தெரியாமல் ஒரு பிடிஎச் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. பல லேப்களில் பிடிஎச்சின் இயல்பு வரம்பு சுமார் 15 முதல் 65 பிகோகிராம்/மி.லி., கால்சியம் 8.5 முதல் 10.5 மி.கி./டெ.லி., பாஸ்பேட் 2.5 முதல் 4.5 மி.கி./டெ.லி. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். பிடிஎச்சில் இந்த வித்தியாசம் கூடுதல் என்பதால், இரண்டு லேப் எண்களை ஒப்பிட்டு ‘ஏறிவிட்டது’ என்று சொல்லக் கூடாது.

அதிகம் கோட்டைவிடப்படுவது குறியே இல்லாத ரிப்போர்ட்டைத்தான். கால்சியம் 11.2, பிடிஎச் 52. பிடிஎச் வரம்புக்குள் இருக்கிறது, அதனால் ‘பாராதைராய்டில் பிரச்சினை இல்லை’ என்று எழுதி, கால்சியம் ஏன் கூடியது என்று புற்றுநோய்ப் பக்கம் தேடப் போகிறார்கள். கால்சியம் 11.2 இருக்கும்போது நல்ல சுரப்பி அடங்கிப் போயிருக்க வேண்டும். புற்றுநோயாலோ, விட்டமின் டி மிதமிஞ்சியதாலோ கால்சியம் ஏறினால் பிடிஎச் பொதுவாக 20-க்கும் கீழே இறங்கிவிடும். கால்சியம் அவ்வளவு இருந்தும் 52 என்றால் சுரப்பி தன் இஷ்டத்துக்கு வேலை செய்கிறது. சுரப்பியிலேயே கோளாறு இருக்கும் முதன்மை ஹைபர்பாராதைராய்டிசம் இப்படியும் வரும். தயாசைடு வகை பிரஷர் மாத்திரையோ லித்தியமோ சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் முதலில் கேட்டுவிட வேண்டும்.

அடுத்த தவறு இதற்கு எதிர்த்திசையில் நடப்பது. நம் ஊரில் விட்டமின் டி குறைவு சர்வசாதாரணம் என்பதால், பிடிஎச் கூடியிருந்தாலே ‘டி குறைவால் வந்த இரண்டாம்நிலை’, அதாவது சுரப்பியில் கோளாறு இல்லை, டி குறைவுக்கு அது ஈடுகொடுக்கிறது என்று முடிவெழுதும் பழக்கம் இருக்கிறது. இப்படி ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 52 வயதுப் பெண், இடுப்பிலும் காலிலும் எலும்பு வலி, போன வருடம் சிறுநீரகக் கல். பிடிஎச் 148, கால்சியம் 10.1, பாஸ்பேட் 2.3, விட்டமின் டி 9 நானோகிராம்/மி.லி., கிரியேட்டினின் 0.8. கால்சியத்தில் குறி எதுவும் இல்லை. டி படு குறைவு. மாத்திரை கொடுத்து அனுப்பிவிடத் தோன்றும்.

ஆனால் அதே தாளில் கீழே ஆல்புமின் 3.0 என்று இருக்கிறது. ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி புரதத்தோடு, முக்கியமாக ஆல்புமினோடு ஒட்டியிருப்பதால், ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்ததுபோலத் தெரியும். ஆல்புமின் 4-இலிருந்து குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டுவது வழக்கம். 10.1-ஓடு 0.8 கூட்டினால் 10.9. இப்போது வரம்பைத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கும் ஒரு தோராயம்தான், வசதி இருந்தால் அயனிக் கால்சியமே பார்த்துவிடலாம். டி குறைவால் மட்டும் பிடிஎச் ஏறியிருந்தால் கால்சியம் குறைவாகவோ இயல்பின் அடிப்பகுதியிலோ இருந்திருக்கும். 10.9 வர வழியே இல்லை. சொல்லப்போனால் டி குறைவு இவருடைய கால்சியத்தைக் கீழே இழுத்துப் பிடித்து முதன்மை நோயை மறைத்துக்கொண்டிருக்கிறது.

டி கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் 6 லட்சம் யூனிட் ஊசியாக அல்ல. தினம் 1,000 முதல் 2,000 யூனிட் என்று நிதானமாகக் கொடுத்து, இடையில் கால்சியத்தையும் பார்த்துவர வேண்டும். மூன்று மாதம் கழித்து இவருக்கு டி 32, திருத்திய கால்சியம் 11.4, பிடிஎச் 118 என்று வருகிறது. வெறும் டி குறைவாக இருந்தால் பிடிஎச் வரம்புக்குள் இறங்கி, கால்சியமும் அமைதியாக இருந்திருக்கும். இங்கே கால்சியம் மேலே போயிருக்கிறது, பிடிஎச் இன்னும் அடங்கவில்லை. இனி சந்தேகம் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் 24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம் கேட்பார்கள். பரம்பரையாக வரும் ஒரு நிலையில் ரத்தக் கால்சியமும் பிடிஎச்சும் லேசாகக் கூடியிருக்கும், சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும், அதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. இந்தப் பரிசோதனையை டி குறைந்திருக்கும்போது எடுத்தால் முதன்மை நோயாளிக்கும் சிறுநீர்க் கால்சியம் குறைவாக வந்து ஏமாற்றும். அதனால் டி-யைச் சரிசெய்த பிறகு எடுப்பதே சரி. அப்புறம் செஸ்டாமிபி ஸ்கேன். நோய் இருக்கிறதா என்று முடிவுசெய்ய அது இல்லை, எந்தச் சுரப்பி என்று சர்ஜனுக்குக் காட்டத்தான். ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

பாஸ்பேட்டுக்கு வருவோம். சிறுநீரகம் வழியாகப் பாஸ்பேட்டை வெளியேற்றுவது பிடிஎச்சின் வேலைகளில் ஒன்று. அதனால் முதன்மை நோயில் பாஸ்பேட் குறையும் என்று எல்லோரும் படித்திருப்போம். ஆனால் டி குறைவிலும் பிடிஎச் ஏறுவதால் பாஸ்பேட் குறையத்தான் செய்யும். ஆக அந்த 2.3 மேலே சொன்ன பெண்ணுக்கு எதையும் பிரித்துச் சொல்லவில்லை. பிரித்துக் காட்டியது கால்சியம். பாஸ்பேட் உதவுவது வேறு இடத்தில். பிடிஎச் கூடி, பாஸ்பேட்டும் 6 என்று இருந்தால், ஹார்மோன் சொல்வதைச் சிறுநீரகத்தால் செய்ய முடியவில்லை என்று அர்த்தம். உடனே கிரியேட்டினினைப் பாருங்கள். ரத்தம் எடுத்த குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலும் பாஸ்பேட் பொய்யாக ஏறும் என்பதால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறவருக்கு அப்படி வந்தால் ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்ப்பது நல்லது.

குழாய் பற்றி இன்னொன்று. பிடிஎச்சைப் பல லேப்கள் ஈ.டி.டி.ஏ. குழாயில் கேட்கும். அந்த ரத்தம் தப்பித் தவறி கால்சியக் குழாயில் கலந்தால், ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் 6, பொட்டாசியம் 8, அல்கலைன் பாஸ்பட்டேஸ் அடிமட்டம், நோயாளியோ சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் என்றால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். முடி வளரப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில கருவிகளில் பிடிஎச் பொய்யாகக் குறைந்து வரும்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வேறு அளவுகோல். பிடிஎச் 300 என்று கண்டு பதறி, அதை 65-க்குக் கீழே கொண்டுவர மருந்தை ஏற்றினால் எலும்பு புதுப்பித்தலே நின்றுபோகும். இயல்பின் மேல்வரம்பைப்போல 2 முதல் 9 மடங்கு வரை, நம் கணக்கில் சுமார் 130 முதல் 585 வரை ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஒரு மாத எண்ணைவிடப் பல மாதப் போக்குக்குத்தான் மதிப்பு. இவர்களில் ஒருவருக்குக் கால்சியம் 11-ஐத் தாண்டினால் பிடிஎச்சைச் சேர்த்துப் பாருங்கள். பிடிஎச் 40 என்று அடங்கியிருந்தால் கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரையாலும் மிஞ்சிவிட்டன என்று முதலில் நினைக்க வேண்டும், அவற்றைக் குறைக்க வேண்டும். பிடிஎச் 1,200 என்றால் சுரப்பிகள் கட்டுப்பாட்டை மீறி மூன்றாம்நிலைக்குப் போய்விட்டிருக்கின்றன. அப்போது மாத்திரையைக் குறைப்பது மட்டும் போதாது, பிடிஎச்சைக் குறைக்கும் சினகால்செட் மாத்திரையா அறுவை சிகிச்சையா என்று சிறுநீரக மருத்துவரும் சர்ஜனும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.