கரண்ட் போனாலும், சரக்கு வராவிட்டாலும், பையன் லீவு போட்டாலும்: சிறு கடைக்கு ஒரு பக்கத் திட்டம்

நான் கணக்கு பார்த்துக் கொடுக்கும் கடைகளில் ஒன்று மடிப்பாக்கத்தில் இருக்கிறது. அண்ணாச்சி, அவர் மனைவி, வேலைக்கு இரண்டு பையன்கள். பால், தயிர், ஒரு ஐஸ்கிரீம் பெட்டி, மளிகை சாமான்கள் என்று சென்னையில் தெருவுக்குத் தெரு பார்க்கிற கடைதான். அந்தக் கடைக்காக நாங்கள் உட்கார்ந்து தயாரித்த திட்டத்தை அப்படியே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு பேனா, ஒரு நோட்டு, இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர், இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

படி 1: ஒவ்வொன்றுக்கும் "தாங்கும் நேரம்" எழுதுங்கள்

பெரிய கம்பெனிகள் இதற்கு நூறு பக்கத்தில் எழுதுவார்கள். நமக்குத் தேவை ஒரே கேள்விதான். இது நின்றுபோனால், நஷ்டம் ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அண்ணாச்சி கடையில் கரண்டுக்கு மணிக்கணக்கு, சரக்குக்கு நாள்கணக்கு. ஆளுக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது. எந்த வேலை நிற்கும் என்றுதான் பார்க்க வேண்டும். பையன் ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் சாயங்கால வியாபாரம் ஓடும். ஆனால் விடியற்காலை 5 மணிக்குப் பால் இறக்க ஆள் இல்லையென்றால், 7 மணிக்குள் பாதி வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இந்த நேரங்களை எழுதிப் பார்த்தாலே எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அண்ணாச்சி கணக்கில் முதலில் வந்தது பால் ஃபிரிட்ஜ்.

படி 2: கரண்ட்

இரண்டு வகை மின்வெட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து நிறுத்துவது ஒன்று. சென்னையில் பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை இருக்கும், முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். மழை வெள்ளத்தில் பாதுகாப்புக்காக லைனையே நிறுத்துவது இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னைப் புறநகரில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. முதல் வகைக்குச் செய்யும் ஏற்பாடு இரண்டாவதற்கு எந்த விதத்திலும் போதாது.

முதலில் இன்வெர்ட்டர் கணக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் பெருக்கிப் பார்த்தால் 1800 வாட்-அவர். அத்தனையும் கைக்கு வராது. இன்வெர்ட்டரில் கொஞ்சம் போகும், பேட்டரியை அடியோடு காலியாக்கவும் கூடாது. நல்ல நிலையில் இருக்கும் பேட்டரியில் 1200 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி கடையில் இரண்டு எல்இடி டியூப் 40 வாட், ஃபேன் 75, பில் மிஷினும் தராசும் 20, வைஃபை 10, கேமரா 20. மொத்தம் 165 வாட். 1200-ஐ 165-ஆல் வகுத்தால் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஃபேனை நிறுத்தினால் 13 மணி நேரம். மூன்று வருடம் ஓடிய பேட்டரியாக இருந்தால் இந்தக் கணக்கை நம்பாமல், ஒரு நாள் மெயினை ஆஃப் செய்து ஓடவிட்டுப் பாருங்கள்.

"அப்போ ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டர்லயே மாட்டிரலாமே தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார். கூடாது. ஓடும்போது 200 வாட் இழுக்கும் கம்ப்ரஸர், ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அதில் டிரிப் ஆகிவிடும். தப்பித்து ஓடினாலும் மேலே சொன்ன ஏழு மணி நேரம் மூன்றாகக் குறைந்து, லைட்டும் பில்லும் சேர்ந்து நின்றுபோகும்.

கரண்ட் இல்லாமல் குளிரைப் பிடித்து வைப்பதற்குச் செலவில்லாத வழி ஐஸ்தான். ஐஸ்கிரீம் பெட்டியின் அடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பத்தைப் போட்டு வையுங்கள். கழுத்துவரை நிரப்பாதீர்கள், உறையும்போது வெடிக்கும். கரண்ட் போனதும் அவற்றை எடுத்துப் பால் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அடுக்குங்கள். குளிர்காற்று கீழே இறங்கும் என்பதால் மேல்தட்டுதான் சரியான இடம். கதவில் "பால் வேண்டுமென்றால் எங்களிடம் கேளுங்கள்" என்று ஒட்டிவிடுங்கள். வாடிக்கையாளர் தாமே திறந்து, எந்தப் பாக்கெட் என்று யோசித்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடத்தில்தான் குளிர் பறந்துபோகிறது.

ஒரு ஷட்டவுன் நாளில் அரை மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினோம். காலை 9 மணிக்கு 4 டிகிரி. வழக்கம்போலத் திறந்து மூடியதில் பதினொன்றுக்குள் 8-ஐத் தாண்டிவிட்டது. அடுத்த ஷட்டவுனில் ஐஸ் பாட்டிலும் மூடிய கதவுமாக இருந்தபோது மதியம் ஒன்று வரை 5-ஐத் தாண்டவில்லை. உங்கள் ஃபிரிட்ஜுக்கு இந்த எண் வேறாக இருக்கும். கண்ணாடிக் கதவு, வெயில் படும் முன்பக்கம், ரப்பர் கேஸ்கெட் தேய்ந்தது எல்லாம் கணக்கை மாற்றும். அதனால் நீங்களே அளந்து எழுதுங்கள். பாலும் தயிரும் 5 டிகிரிக்கு மேலே நான்கு மணி நேரம் இருந்துவிட்டால் விற்காதீர்கள். மோந்து பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

ஐஸ்கிரீம் வேறு கதை. அதற்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். தண்ணீர் ஐஸ் பூஜ்ஜியத்தில் உருகுவதால் பாலைக் காப்பாற்றுமே தவிர ஐஸ்கிரீமைக் காப்பாற்றாது. ஐஸ் பாட்டில்களை எடுத்தபின் பெட்டியைத் திறக்காமல், மேல்மூடிமேல் மட்டும் கெட்டியான கம்பளி போர்த்துவதுதான் வழி. பக்கவாட்டில் போர்த்தாதீர்கள். பல பெட்டிகளில் வெப்பம் வெளியேறுவதே பக்கச் சுவர் வழியாகத்தான், கரண்ட் வந்த பிறகும் போர்வை கிடந்தால் கம்ப்ரஸர் திணறும். நிரம்பிய பெட்டி பாதி காலியான பெட்டியைவிட ரொம்ப நேரம் தாங்கும்.

கடை பூட்டிய இரவில் கரண்ட் போய் வந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள். காலையில் நாணயம் மேலேயே இருந்தால் சரி. ஐஸுக்குள் இறங்கி உறைந்திருந்தால் இரவில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. அந்த ஐஸ்கிரீம் பார்க்க நன்றாக இருந்தாலும் விற்பனைக்கு இல்லை.

கரண்ட் திரும்பியவுடன் ஃபிரிட்ஜ் சுவிட்சைப் போடாதீர்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் சில நிமிடம் வோல்டேஜ் ஏறி இறங்கும், கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாகவும் நேரம் வேண்டும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

புயல் எச்சரிக்கைக்கு இந்த ஏற்பாடு எதுவும் தாங்காது. அப்போது குளிர் சரக்கையே குறைத்துவிடுவதுதான் ஒரே வழி. முதல் நாள் பால் ஆர்டரைக் குறையுங்கள், ஐஸ்கிரீம் எடுப்பதை நிறுத்துங்கள். அரிசி மூட்டையை மரப்பலகை மேல் ஏற்றுங்கள், இன்வெர்ட்டர் பேட்டரியையும் உயரத்தில் வையுங்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் அதை ஷட்டருக்கு உள்ளே ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதன் புகையில் வாசனை இல்லாத விஷவாயு இருக்கிறது, மூடிய கடையில் உயிரே போய்விடும்.

படி 3: சரக்கு

எல்லாச் சாமானுக்கும் கூடுதல் ஸ்டாக் வைக்கப் பணமும் கிடையாது, இடமும் கிடையாது. எது இல்லையென்றால் வாடிக்கையாளர் மற்ற சாமானையும் சேர்த்து வேறு கடையில் வாங்கிவிடுவார் என்று யோசித்து ஒரு பதினைந்து சாமானை மட்டும் எழுதுங்கள். அண்ணாச்சி பட்டியலில் பொன்னி அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், சர்க்கரை, டீத்தூள் முதலில் வந்தன.

துவரம்பருப்பு தினம் 6 கிலோ போகிறது. சொன்னால் இரண்டு நாளில் வண்டி வரும், ஆனால் மழைக்காலத்தில் ஐந்து நாள்கூட ஆகியிருக்கிறது. மோசமான ஐந்து நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆறைந்து முப்பது. பருப்பு 30 கிலோவுக்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும். இதைப் பையன் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. டிரம்மில் 30 கிலோ நிற்கும் உயரத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டோம். கோடு தெரிந்தால் அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது மொத்தக்காரர் ஒருவர் வேண்டும். நெருக்கடியில் போய் முதல்முறையாக அறிமுகம் செய்துகொண்டால் ரொக்கம் கேட்பார், பழைய ஆட்களுக்குக் கொடுத்தது போகத்தான் உங்களுக்கு வரும். மாதம் ஒரு தடவையாவது அவரிடம் ஏதாவது வாங்கிக் கணக்கை உயிரோடு வைத்திருங்கள். இருவரும் ஒரே பகுதியில் இருந்தால் பயனில்லை. அண்ணாச்சிக்கு ஒருவர் வேளச்சேரிப் பக்கம், இன்னொருவர் கொத்தவால் சாவடி. ஒரே வெள்ளம் இரண்டு பாதையையும் ஒரே நாளில் அடைப்பது அரிது.

படி 4: ஆள்

கடை திறப்பது, பால் இறக்கி எண்ணுவது, பில் போடுவது, கடன் நோட்டு எழுதுவது, டோர் டெலிவரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது தெரிந்தவர் பெயரை எழுதுங்கள். ஒரே ஒரு பெயர் இருக்கும் இடம்தான் ஆபத்து. அண்ணாச்சி கடையில் பால் இறக்குவது மூத்த பையனுக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை பாக்கெட் வர வேண்டும், கசிந்ததை எப்படித் திருப்புவது, ஏஜென்ட் நம்பர் எது என்பதெல்லாம் அவன் தலையில் இருந்தது. ஒரு வாரம் இளையவனை அவனோடு நிற்கவைத்தோம், எண்ணிக்கையைச் சுவரில் எழுதினோம். சாவி இன்னொன்று அண்ணாச்சியின் மனைவி அக்காவிடம்.

இரண்டு பேருமே வராத நாளுக்கு, எதை விடுவது என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். இங்கே டெலிவரி நிற்கும், மதியம் 1 முதல் 4 வரை ஷட்டர் இறங்கும். பொங்கல், தீபாவளிக்கு யார் எப்போது ஊருக்குப் போவது என்பதை ஒரு மாதம் முன்பே பேசி காலண்டரில் குறித்துவிடுங்கள்.

படி 5: ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள்

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிய தாள் இதுதான்:

கரண்ட் போனால்: ஐஸ் பாட்டிலை எடுத்தபின் ஐஸ்கிரீம் பெட்டி திறக்காதே, மேல்மூடியில் போர்வை. ஐஸ் பாட்டில் 10, பால் ஃபிரிட்ஜ் மேல்தட்டு. போன நேரத்தை எழுது. ஃபேன் ஆஃப். மின்வாரியப் புகாருக்கு மின்னகம் 94987 94987, நம்ம சர்வீஸ் நம்பர் கீழே.
வந்தால்: 5 நிமிடம் கழித்து ஃபிரிட்ஜ் ஆன். போர்வையை எடு.
5 டிகிரி தாண்டினால்: அக்காவுக்கு போன்.
பால் வண்டி 5.30 வரை வரவில்லை: ஏஜென்ட், பிறகு இரண்டாவது ஏஜென்ட்.

நம்பர்களைக் கையால் பெரிதாக எழுதுங்கள். போனில் மட்டும் இருந்தால், சார்ஜ் இல்லாத நாளில் அதுவும் போய்விடும். யுபிஐ சிக்னல் இல்லாத நேரத்துக்காகப் பத்தும் இருபதுமாகச் சில்லறை ஒரு டப்பாவில் தனியாக இருக்கட்டும்.

படி 6: அறிவித்த ஷட்டவுன் நாளில் ஒத்திகை பாருங்கள்

அண்ணாச்சியைக் கடைக்கு வராமல் இருக்கச் சொல்லிவிட்டு, பையன்களைத் தாளைப் பார்த்து நடத்தச் சொன்னோம். ஐஸ் பாட்டில் சரியாக இடம் மாறியது, நேரமும் எழுதியிருந்தார்கள். சிக்கியது தராசு. அதைப் பையன் சாதாரண சுவரு பிளக்கில் மாட்டியிருந்தான், இன்வெர்ட்டர் லைனில் இல்லை. உள்ளிருக்கும் பேட்டரி பழசு, முக்கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது. பாக்கெட் போடாத பருப்பும் சர்க்கரையும் மதியம் வரை விற்க முடியவில்லை. அன்று சாயங்காலமே தராசு பேட்டரியை மாற்றினோம், இன்வெர்ட்டர் லைன் பிளக்குகளுக்கெல்லாம் மஞ்சள் டேப் ஒட்டினோம். தாளில் "தராசு மஞ்சள் பிளக்கில்" என்று ஒரு வரி கூடியது. அடுத்த ஒத்திகை அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பு.