குழந்தை சாப்பிட மறுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடும். அடுத்த ஒரு வருடத்தில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையும். “பத்து மாதத்தில் கிண்ணத்தைக் காலி செய்தவள் இப்போது வாயே திறப்பதில்லை” என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இது தெரியாமல் ஒரு வேளையை வைத்துக் கணக்குப் போடுகிறோம். காலையில் நன்றாகச் சாப்பிட்ட குழந்தை மதியம் நாலு வாயோடு எழுந்துவிடும். வேளைக்கு வேளை அளவு தாறுமாறாக இருந்தாலும், நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் அத்தனை வித்தியாசம் இருக்காது. விட்டதை அடுத்த வேளையில் குழந்தையே ஈடுகட்டிக்கொள்கிறது.

மதியம் சாப்பிடவில்லையே என்று பாலைக் கொடுப்பதுதான் பெரிய தவறு. ஒன்றரை வயது, 10 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 800 கலோரி போதும். காலையில் 250 மில்லி பால், மதியம் சோற்றைத் தள்ளிவிட்டதால் 200, தூங்கும் முன் 250. மொத்தம் 700 மில்லி. அதிலேயே 400 கலோரிக்கு மேல் வந்துவிடுகிறது. நடுவில் இரண்டு பிஸ்கட், கொஞ்சம் ஜூஸ். அப்புறம் பசி எங்கிருந்து வரும்? பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு என்பதால், இப்படியே போனால் ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். பாலை 500 மில்லிக்குள் நிறுத்தி, சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் தராமல் ஒரு வாரம் பாருங்கள்.

அடுத்தது, துரத்தித் துரத்தி ஊட்டுவது. வாயை மூடுவது, தலையைத் திருப்புவது, கரண்டியைத் தட்டிவிடுவது எல்லாம் “போதும்” என்று சொல்லும் வழிகள்தான். மீறித் திணித்தால் அந்த உணவின் மேலேயே வெறுப்பு வரும். கையில் போனைக் கொடுத்து ஊட்டினால் வாய் திறக்கும், உண்மைதான். ஆனால் வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாமல் போகும்.

இரண்டு வயதையொட்டிப் புது உணவைக் கண்டாலே பயப்படும் கட்டம் ஒன்று வரும். இரண்டு முறை துப்பியதும் “இவனுக்குப் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். பழகுவதற்குப் பத்து, பதினைந்து முறைகூட ஆகலாம். தொட்டுப் பார்ப்பது, நக்கிவிட்டுத் துப்புவது எல்லாமே அந்தக் கணக்கில் சேர்த்தி. சின்னத் துண்டாக வைத்துவிட்டு, நீங்களும் அதையே சாப்பிடுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? எடை குறைந்தால், மாதக்கணக்கில் ஏறாமலே நின்றால், வளர்ச்சி அட்டவணையில் தன் வளர்ச்சிக் கோட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனால், விழுங்கும்போது அடிக்கடி இருமினாலோ திணறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தால், முகம் வெளிறிச் சோர்ந்து கிடந்தால், முன்பு சாப்பிட்ட உணவுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி நாலைந்தில் வந்து நின்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கழிப்பது வெகுவாகக் குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும்.