ஓவர்டைம் பணம் குறைந்தால்: அக்கவுண்ட்ஸுக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த மாசம் ஓ.டி. பணம் 1,608 குறைவா வந்திருக்கு, உடனே பார்த்துச் சொல்லுங்க."

சம்பளம் போடும் வேலையில் இருந்தபோது இந்த மாதிரி மெயில்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அவ்வளவு குறைந்தது உண்மைதான். ஆனாலும் இந்த ஒரு வரியால் அவருக்கு வரவேண்டிய பணம் வராமலே போகலாம். எப்படி என்று ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு ஊழியர் மார்ச் மாதத்தில் ஆறு நாள் ஓவர்டைம் பார்த்தார். தேதிகள் 4, 9, 13, 18, 24, 27. ஆறு நாளும் மாலை 6:00 முதல் இரவு 8:45 வரை, அதாவது நாளுக்கு இரண்டே முக்கால் மணி. மொத்தம் பதினாறரை மணி. அவருடைய ஓவர்டைம் ரேட் மணிக்கு 240. அப்படியானால் 3,960 வர வேண்டும். பேஸ்லிப்பில் இருந்ததோ 2,352. வித்தியாசம் 1,608. அதை அப்படியே மெயிலில் எழுதிவிட்டார்.

அக்கவுண்ட்ஸில் இருந்தவர் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தார். அந்த நிறுவனத்தில் ஓவர்டைமுக்கான கட்-ஆஃப் 20ஆம் தேதி. அதற்குப் பிறகு செய்த வேலை அடுத்த மாதச் சம்பளத்தில்தான் சேரும். 24, 27 ஆகிய இரண்டு நாளும் கட்-ஆஃபுக்குப் பிந்தையவை. "கடைசி இரண்டு நாள் ஓ.டி. ஏப்ரல் சம்பளத்தில் வரும்" என்று பதில் போட்டு விஷயத்தை முடித்துவிட்டார். ஊழியரும் சரி என்று விட்டுவிட்டார்.

அந்த இரண்டு நாளுக்கு உரிய பணம் ஐந்தரை மணிக்கு 1,320. குறைந்தது 1,608. மீதி 288 எங்கே?

அதுதான் உண்மையான பிழை. முதல் நான்கு நாளுக்குப் பதினோரு மணி வர வேண்டும். பேஸ்லிப்பில் ஓ.டி. மணிநேரம் என்ற இடத்தில் 9.80 என்று இருந்தது. யாரோ 2 மணி 45 நிமிடத்தை 2.45 என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். நான்கு தடவை 2.45 என்றால் 9.80. ஆனால் முக்கால் மணி என்பது தசமத்தில் .75 அல்லவா? 2.75 என்று போட்டிருந்தால் 11.00 வந்திருக்கும். 1.20 மணி காணாமல் போய்விட்டது. 240 ரேட்டில் அது 288.

பெரிய தொகைக்கு நியாயமான காரணம் கிடைத்ததும், அதற்குள் ஒளிந்திருந்த சின்னப் பிழையை யாரும் தேடவில்லை. மொத்தத் தொகையை மட்டும் எழுதுவதை முதல் தவறாக நான் சொல்வது இதனால்தான். நீங்கள் மொத்தத்தைக் கேட்டால், அவர்கள் மொத்தத்துக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நாள் நாளாக எழுதினால் நாள் நாளாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தசமப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. உங்கள் இடத்தில் ஓவர்டைமைக் கால், அரை, முக்கால் என்று பதினைந்து நிமிடக் கணக்கில்தான் எடுக்கிறார்கள் என்றால், மொத்த மணிநேரத்தின் கடைசி இரண்டு இலக்கம் .00, .25, .50, .75 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். .80, .15, .30 மாதிரி எதையாவது பார்த்தால் யாரோ நிமிடத்தைத் தசமமாகப் போட்டுவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். ஒரே ஒரு சிக்கல்: சில நாள் சேர்த்தால் இந்தப் பிழை .00 என்றும் முடியலாம். அதனால் எண் ஒழுங்காகத் தெரிந்தாலும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள். சில மென்பொருள்கள் 11:00 என்று முக்காற்புள்ளி போட்டு மணி நிமிடமாகவே காட்டும். அங்கே இந்தச் சோதனை பொருந்தாது.

அடுத்த தவறு, வங்கியிலிருந்து வந்த மெசேஜை ஆதாரமாக அனுப்புவது. கையில் வந்தது பிடித்தம் எல்லாம் போன தொகை. அது குறைந்ததற்கு வரி கூடியிருக்கலாம், முன்பணத் தவணை போயிருக்கலாம், ஒரு நாள் விடுப்பு சம்பளமில்லா விடுப்பாக விழுந்திருக்கலாம். அதை வைத்து அக்கவுண்ட்ஸ் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பேஸ்லிப்பில் எந்த வரி தவறு, அதில் என்ன எண் இருக்கிறது, என்ன எண் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. போன மாதப் பேஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அடிப்படைச் சம்பளம் மாறியிருக்கிறதா, வேலை நாள் எண்ணிக்கை மாறியிருக்கிறதா, புதிதாக ஒரு பிடித்தம் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பேஸ்லிப்பை அனுப்பும்போதும் கவனம் வேண்டும். ஓ.டி. வரியை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் அதிகம். அதில் மாதமும் இருக்காது, ஊழியர் எண்ணும் இருக்காது. முழுப் பேஸ்லிப்பையும் பி.டி.எஃப். ஆகவே அனுப்புங்கள், சம்பளப் பிரிவின் மெயிலுக்கு மட்டும். பிரிவின் வாட்ஸப் குரூப்பில் போட்டுக் கேட்டால் உங்கள் சம்பளம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் எல்லோர் கைபேசிக்கும் போய்விடும். பிறகு அழித்தாலும் பார்த்தவர் பார்த்ததுதான்.

யாரிடம் கேட்க வேண்டும் என்பதில்தான் நிறைய நாட்கள் வீணாகின்றன. இதற்கு எண்ணே வழி சொல்லும். மணிநேரமே குறைவு, அதுவும் ஒரு முழு நாள் காணோம் என்றால், பெரும்பாலும் சூப்பர்வைசர் அந்த நாளுக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை. அதை அக்கவுண்ட்ஸ் தானாகச் சேர்க்க முடியாது. முதலில் சூப்பர்வைசரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு, அது வந்த மெயிலோடு அக்கவுண்ட்ஸுக்குப் போங்கள். எல்லா நாளும் இருக்கிறது, நிமிடங்கள் மட்டும் உதைக்கிறது என்றால் பதிவை ஏற்றியதில் தவறு. மணிநேரம் சரி, பெருக்கினால் வரும் தொகை மட்டும் தவறு என்றால் ரேட்டில் பிழை. சம்பளம் உயர்ந்த பிறகும் பழைய ரேட்டிலேயே ஓவர்டைம் ஓடுவது அடிக்கடி நடக்கும். இந்த இரண்டுக்கும் நேரே அக்கவுண்ட்ஸ்தான். ரேட்டைப் பற்றிக் கேட்கும்போது "தவறு" என்று தொடங்குவதற்கு முன், மாதச் சம்பளத்தை எத்தனை நாளால், எத்தனை மணியால் வகுக்கிறார்கள், அடிப்படைச் சம்பளம் மட்டுமா, படிகளும் சேருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது இடத்துக்கு இடம் மாறும்.

சரி, அந்த ஊழியர் எப்படி எழுதியிருக்க வேண்டும்? ஏறக்குறைய இப்படி:

பொருள்: ஊழியர் எண் 1047, மார்ச் சம்பளம், ஓ.டி. 1.20 மணி குறைவு

வணக்கம். என் மார்ச் மாதப் பேஸ்லிப்பில் ஓ.டி. மணிநேரம் 9.80, தொகை 2,352 என்று உள்ளது. கட்-ஆஃபுக்கு முன் மார்ச் 4, 9, 13, 18 ஆகிய நான்கு நாளும் மாலை 6:00 முதல் 8:45 வரை வேலை செய்தேன். நாளுக்கு 2 மணி 45 நிமிடம், அதாவது 2.75. மொத்தம் 11.00 மணி, 240 ரேட்டில் 2,640. பதிவில் 2.45 என்று ஏறியிருப்பதாகத் தோன்றுகிறது. குறைந்த 288ஐ ஏப்ரல் சம்பளத்தில் அரியர்ஸாகத் தனி வரியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 24, 27 தேதிகளின் ஓ.டி. ஏப்ரலில் வரும் என்று புரிந்துகொள்கிறேன், அவற்றையும் 2.75 ஆகப் பதிவு செய்யவும். பேஸ்லிப், பஞ்ச் பதிவு, சூப்பர்வைசரின் ஒப்புதல் மூன்றையும் இணைத்துள்ளேன்.

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. படிப்பவர் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். முக்கியமாக, என்ன திருத்தம் வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. "பார்த்து ஆவன செய்யவும்" என்று முடித்தால் அவர்கள் பார்ப்பார்கள், ஆனால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. குறைந்தது பெரிய தொகை, அடுத்த சம்பளம் வரை தாங்காது என்றால், இடையிலேயே தனியாக வழங்க முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்காதவருக்குப் பெரும்பாலும் அடுத்த மாதம்தான்.

தனி வரி என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 288ஐ ஏப்ரல் ஓவர்டைமோடு கலந்து போட்டுவிட்டால், பிறகு வந்ததா வரவில்லையா என்று பிரித்தே பார்க்க முடியாது. அப்புறம் அந்த 288 முழுதாகக் கையில் வராது. அது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. வரியும் மற்ற பிடித்தங்களும் போய்க் கொஞ்சம் குறையலாம். அதைப் பார்த்து மறுபடி புகார் எழுதாதீர்கள்.

நேரம் தள்ளிப்போடுவதும் தவறுதான். "சின்னத் தொகைதானே, இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம்" என்று விட்டால், பஞ்ச் பதிவும் ஒப்புதலும் பழைய மாதங்களுக்குள் புதைந்துபோகும். வரி ஆண்டு முடிந்து கணக்கு பூட்டப்பட்டால் திருத்தம் இன்னும் கடினம். பேஸ்லிப் வந்த இரண்டு மூன்று நாளில், அடுத்த கட்-ஆஃபுக்கு முன்பே எழுதிவிடுங்கள். வாயால் சொல்லியிருந்தாலும் அன்றே "நாம் பேசியபடி" என்று ஒரு மெயில் போட்டுவையுங்கள். கூடுதலாக வந்திருந்தாலும் இதே மாதிரி உடனே சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்து ஒரே சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்தால் அந்த மாதம் வீட்டுச் செலவுக்கே திண்டாட வேண்டியிருக்கும்.

"சரி செய்துவிட்டோம்" என்று பதில் வந்ததும் பலர் அதோடு மறந்துவிடுகிறார்கள். ஏப்ரல் பேஸ்லிப் வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். அரியர்ஸ் வரியில் 288 இருக்க வேண்டும். அதோடு, ஏப்ரலில் கட்-ஆஃப் வரை வேறு ஓவர்டைம் எதுவும் பார்க்கவில்லை என்றால், 24, 27 தேதிகளுக்கான ஓ.டி. மணிநேரம் 5.50 என்று இருக்க வேண்டும். 4.90 என்று இருந்தால் பழைய பணத்தைக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் பதிவை ஏற்றும் இடத்தில் 2.45 இன்னும் 2.45 ஆகவே இருக்கிறது. அந்த மாதம் 144 குறையும். மார்ச் மெயிலுக்கே பதிலாக, அதே தொடரில் எழுதுங்கள். அப்போது உங்களோடு வேலை பார்த்த மற்றவர்களின் மணிநேரமும் இப்படித்தான் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏறியிருக்கும், ஒரே ஆள்தான் எல்லோருடைய பதிவையும் ஏற்றுகிறார்.