சிறுகதைத் தொகுப்புக்கு ஒரு சமர்ப்பணக் குறள்: முதல்முறை எழுதுவோருக்கு

சொந்தச் செலவில் அச்சாகும் முதல் தொகுப்பில், கதைகளைப் பத்து முறை திருத்தியவர்கூட சமர்ப்பணப் பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்பும் நாளில்தான் எழுதுவார். நானும் அப்படித்தான் எழுதினேன். அம்மா, அப்பா, மனைவி, மகள், மாமா, இரண்டு சித்திகள், நண்பர்கள் என்று பதினோரு வரி வந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இது சமர்ப்பணமா, ரேஷன் கார்டா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தை இரண்டு குறள் வெண்பாவாகச் சுருக்கினேன். ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று வாசகருக்கு. நாலடி நேரிசை வெண்பாவை நான் தொடவில்லை. அதில் தனிச்சொல் என்று ஒன்று வேண்டும், பழக்கம் இல்லாதவருக்கு அங்கேதான் செயற்கை வாடை அடிக்கும். குறளுக்கு மொத்தமே ஏழு சீர். முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று.

படி 1: முதலில் உரைநடையில் ஒரே வாக்கியம்

யாருக்கு, எதற்காக என்பதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். "அன்புக்கும் அரவணைப்புக்கும்" போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள், அவை எந்த வீட்டுக்கும் பொருந்தும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயல் வேண்டும். எனக்குக் கிடைத்த வாக்கியம் இது: "மழை நாட்களில் மாவு அரைத்துக்கொண்டே நீ சொன்ன கதைகள் எல்லாம் இப்போது புத்தகமாக உனக்கே வருகின்றன, அம்மா."

இதில் அப்பாவோ மகளோ இல்லை. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் என்னுரையின் கடைசிப் பத்தியில் பெயர் சொல்லி நன்றி எழுதினேன். ஏழு சீருக்குள் ஒருவரைத்தான் உட்கார வைக்க முடியும்.

படி 2: அசை பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

யாப்பில் இந்த வேலைக்குத் தேவையானது கொஞ்சம்தான். ஒரு சொல்லை இடமிருந்து பாருங்கள். நெடில் வந்தால் அது தனியாக ஓர் அசை, பெயர் நேர். அடுத்தடுத்து இரண்டு குறில் வந்தாலும், குறிலை அடுத்து நெடில் வந்தாலும் இரண்டும் சேர்ந்து ஓர் அசை, பெயர் நிரை. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கணக்கு இல்லை. அது முன்னால் உள்ள அசையோடு ஒட்டி, அந்த அசையை முடித்துவைக்கும். ஆகவே "சொன்" என்பது நேர், "மழை" என்பது நிரை. சீரின் கடைசியில் ஒற்றைக் குறில் மிஞ்சினால் அதுவும் நேர்தான்.

இரண்டு அசை சேர்ந்தால் நான்கு வகைச் சீர். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இவற்றின் பின்னால் இன்னொரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். தேமாங்காய், கூவிளங்காய் என்று பெயரிலேயே காய் வந்துவிடும். மூன்றாவது அசை நிரையாக வந்தால் அது கனிச்சீர், வெண்பாவுக்குள் அதற்கு இடமில்லை.

ஒரு சீர் அடுத்த சீரோடு இணைவதற்குத் தளை என்று பெயர், அதற்கு விதி மூன்றே. மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளத்தில் முடிந்தால் நேர். காயில் முடிந்தால் நேர். நான் இதைக் கைப்பேசியின் முகப்புப் படமாகவே ஒரு வாரம் வைத்திருந்தேன்.

படி 3: அம்மாவுக்கான குறள்

வாக்கியத்தைச் சுருக்கியபோது முதலில் வந்தது இது:

மாவரைத்துக் கொண்டே மழையில் சொன்னகதை
எல்லாமும் நூலாய் உனக்கே

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று இடத்தில் உடைந்திருந்தது.

முதல் உடைசல் "மழையில் சொன்னகதை". மழையில் என்பது மழை, யில், அதாவது நிரை நேர், புளிமா. மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், ஆனால் "சொன்" நேர். வாய்விட்டுப் படித்தால் அந்த இடத்தில் நாக்கு ஒரு கல்லில் இடிக்கும். மாற்று எளிதாகக் கிடைத்தது. "மழைநாளில்" என்றால் நிரை நேர் நேர், புளிமாங்காய். காயாகிவிட்டதால் அடுத்து நேர் வரலாம். பொருளும் சரியானது, ஏனென்றால் "மழையில்" என்றபோது அம்மா நனைந்துகொண்டு மாவரைப்பது போல இருந்தது.

இரண்டாவது, எதுகை. இரண்டு அடிகளின் முதல் சீரிலும் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதல் எழுத்துகளின் அளவும் ஒத்திருக்க வேண்டும். "மாவரைத்து" என்பதில் இரண்டாம் எழுத்து வ, "எல்லாமும்" என்பதில் ல். தளை தட்டவில்லை என்றாலும் காதுக்கு இரண்டும் வேறு வேறு பாட்டாகக் கேட்கிறது. "யாவுமே" என்று மாற்றியதும் மாவ, யாவு என்று பொருந்திவிட்டது. முதலடியில் மாவரைத்து, மழைநாளில் என்று ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் மகரத்தில் தொடங்குவது மோனை. அதை நான் தேடவில்லை, தானாகவே அமைந்தது.

மூன்றாவது, கடைசிச் சீர். வெண்பாவின் ஈற்றுச் சீர் நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். நாள் (ஒரே நேர்), மலர் (ஒரே நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்). "உனக்கே" முழுப் புளிமா, அதனால் உதவாது. அழுத்தம் வேண்டும் என்று அந்த ஏகாரத்தின் மேல் எனக்கு ஆசை இருந்தது. ஆனால் "உனக்கு" என்பது கச்சிதமாகப் பிறப்பு. ஏகாரம் "யாவுமே"யில் ஏற்கெனவே இருப்பதால் நட்டமில்லை.

முடிந்த வடிவம்:

மாவரைத்துக் கொண்டே மழைநாளில் சொன்னகதை
யாவுமே நூலாய் உனக்கு.

சரிபார்க்கும்போது இப்படி எழுதிப் பாருங்கள்:

மா/வரைத்/துக் – கூவிளங்காய்
கொண்/டே – தேமா
மழை/நா/ளில் – புளிமாங்காய்
சொன்/னக/தை – கூவிளங்காய்
யா/வுமே – கூவிளம்
நூ/லாய் – தேமா
உனக்/கு – பிறப்பு

காய்க்குப் பின் "கொண்", தேமாவுக்குப் பின் "மழை", காய்க்குப் பின் "சொன்", மறுபடி காய்க்குப் பின் "யா", விளத்துக்குப் பின் "நூ", மாவுக்குப் பின் "உனக்". அடி மாறும் இடத்திலும் விதி தொடர்கிறது என்பதைக் கவனியுங்கள். நான் முதலில் அதை மறந்து, ஒவ்வோர் அடியையும் தனியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

படி 4: வாசகருக்கான குறள்

வாசகர் என்றால் எனக்கு இரண்டு வகை. கைப்பிரதியாக இருக்கும்போதே படித்து, பேனாவால் கோடு போட்டுத் திருப்பித் தந்தவர்கள் ஒரு வகை. இனிமேல் படிக்கப்போகிறவர்கள் மறு வகை. முன், பின் என்ற இரண்டு சொல்லிலேயே குறள் பாதி எழுதப்பட்டுவிட்டது.

முதல் வடிவில் "முன்படித்துக் குற்றம் சொன்னோர்க்கும்" என்று போட்டேன். "குற்றம்" தேமா, "சொன்" நேர், தளை தட்டிற்று. நிரையில் தொடங்கும் சொல்லாக "மொழிந்தோர்க்கும்" கிடைத்தது. சற்றே பழைய வாசனைதான். இருந்தாலும் மு, மொ என்று மோனையும் சேர்ந்ததால் வைத்துக்கொண்டேன்.

முன்படித்துக் குற்றம் மொழிந்தோர்க்கும் பின்படிக்கும்
அன்பருக்கும் நன்றி பல.

"பல" ஒரே நிரை, ஆகவே மலர். "நன்றி பல" என்று தினமும் கடிதத்தில் எழுதுவதுதான் ஈற்றடியாகவும் வாய்த்தது. இந்தக் குறளின் மற்ற சீர்களை நீங்களே பிரித்துப் பார்த்துப் பழகலாம்.

படி 5: உகரத்தைக் கவனியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கே. "கொண்டு அம்மா" என்று இரண்டு சொல்லாக எழுதினாலும், பாட்டில் அது "கொண்டம்மா" என்றுதான் ஒலிக்கும். சொல்லின் கடைசியில் உள்ள குற்றியலுகரம், அடுத்து உயிரெழுத்து வந்தால் போய்விடும். நீங்கள் இரண்டு தேமா என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், உண்மையில் இருப்பது ஒரு தேமாங்காய். அடியில் ஒரு சீர் குறைந்துவிடும். பழைய பதிப்புகளில் "கொண் டம்மா" என்பது போல விசித்திரமாகப் பிரித்து அச்சிடுவது இந்தக் கணக்குக்காகத்தான். இன்றைய வாசகருக்கு அது பிழை போலத் தெரியும் என்பதால், உகரத்துக்குப் பின் உயிரெழுத்தே வராமல் சொல்லைத் தேர்ந்தேன். என் இரண்டு குறளிலும் அப்படி ஓர் இடம்கூட இல்லை.

அவலோகிதம் என்ற மென்பொருளில் பாடலை உள்ளிட்டால் அசை, சீர், தளை பிரித்துக் காட்டும். கையால் ஒருமுறை பிரித்துப் பார்த்த பிறகு அதைப் பயன்படுத்துங்கள். தளை சரியாக இருப்பதை அது காட்டும், "மழையில்" என்றால் அம்மா நனைகிறாள் என்பதைக் காட்டாது.

படி 6: பக்கத்தில் வைப்பது

அச்சு நூலில் சமர்ப்பணம் வலப்பக்கத்தில், ஒற்றைப்படை எண்ணில் வர வேண்டும். என் நூலில் தலைப்புப் பக்கம் 3, நூல் விவரம் 4, சமர்ப்பணம் 5, அதன் பின்புறம் வெற்று, உள்ளடக்கம் 7. பக்க எண் கணக்கில் உண்டு, அச்சில் வேண்டாம். "அம்மாவுக்கு" என்று ஒரு வரி, அதன் கீழே முதல் குறள், நல்ல இடைவெளி விட்டு இரண்டாவது. இந்தச் சிறு தலைப்பு இல்லாவிட்டால் "உனக்கு" யார் என்று தெரியாது.

கோப்பில் அடி முறிக்க Enter-க்குப் பதில் Shift+Enter அழுத்துங்கள், இரண்டு அடியும் ஒரே பத்தியாக நிற்கும். ஆனால் இருபக்கமும் சமன் செய்யும் அமைப்பு இருந்தால் முதலடியின் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். இந்தப் பக்கத்துக்கு மட்டும் இடப்பக்கச் சீரமைப்பு போதும். பக்கத்தை வடிவமைப்பவரிடம் "சொன்னகதை"யைப் பிரிக்க வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். எனக்கு வந்த முதல் மெய்ப்பில் பிரித்திருந்தார்கள், முதலடியில் ஐந்து சீர் இருந்தது.

மின்னூலில் வேறு சிக்கல். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் நான்காம் சீர் கீழே இறங்கி, இரண்டடிக் குறள் மூன்றடியாகத் தெரியும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் மடங்கிய சொல் உள்தள்ளி நின்றால், அது புது அடி அல்ல என்பது வாசகருக்குப் புரியும். இதற்கு ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாக வைத்து இந்தப் பாணியைக் கொடுங்கள்:

```css
p.adi {
  margin: 0 0 0 1.5em;
  text-indent: -1.5em;
  text-align: left;
}
```

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, குறளை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். "மழைநாள்னா கரண்ட் எங்கடா இருக்கும்? ஆட்டுக்கல்லுலல்ல அரைச்சேன். அத எழுதலையே?" என்றாள்.

ஆட்டுக்கல், தேமாங்காய். அடுத்த பதிப்பில் முயல வேண்டும்.