சந்தா கட்டிய நூலகத்திலிருந்து பாடல்கள் மறைந்தால்: புகார் மின்னஞ்சல் எழுதும் முறை

மாதச் சந்தா கட்டும் இசைச் செயலியில் நான் சேமித்த பாடல்கள் அடிக்கடி மறைந்துகொண்டிருந்தன. உதவிக் குழுவிடமிருந்து பயனுள்ள பதிலைப் பெற்றுத் தந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பாடல் எப்படி மறைகிறது என்று பாருங்கள். பெயர் மங்கலாகத் தெரிந்து, தொட்டாலும் ஒலிக்கவில்லை என்றால், இசை நிறுவனம் உரிமத்தைத் திரும்பப் பெற்றிருக்கலாம், அல்லது அதே ஆல்பத்தைப் புதிதாக ஏற்றிப் பழையதை நீக்கியிருக்கலாம். அதில் உதவிக் குழு செய்யக்கூடியது குறைவு. பெயரே பட்டியலில் இல்லாமற்போவதுதான் இங்கே நாம் பேசும் சிக்கல்.

அடுத்து, கைபேசியில் எதையும் மாற்றாமல், அதே கணக்கைக் கணினி உலாவியில் திறந்து பாருங்கள். உலாவியில் பாடல் இருந்து கைபேசியில் மட்டும் இல்லையென்றால், அது பெரும்பாலும் அந்தக் கருவியின் ஒத்திசைவுக் கோளாறு. இரண்டிலும் இல்லையென்றால், சேவையகத்தில் உள்ள உங்கள் பட்டியலிலிருந்தே அது நீங்கியிருக்கிறது. இரு திரைகளையும் படம் பிடித்த பிறகே வெளியேறி மீண்டும் நுழையுங்கள். முதலிலேயே செயலியை நீக்கி நிறுவினால் தரவிறக்கிய பாடல்களும் போகும், கோளாறின் தடயமும் அழியும். ஆனால் உதவிக் குழுவின் முதல் பதில் பெரும்பாலும் அதைத்தான் செய்யச் சொல்லும். ஆகவே செய்து முடித்ததை மின்னஞ்சலிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

பாடலின் பெயரை மட்டும் தருவது போதாது. ஒரே பாடல் திரைப்பட ஆல்பத்திலும் தொகுப்புகளிலும் தனித்தனிப் பதிவாக இருக்கும் என்பதால், "பகிர்" வழியாகக் கிடைக்கும் இணைப்பை ஒட்டுங்கள். பட்டியலை முன்கூட்டியே சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்பாக எடுத்து வைப்பதையே நான் விரும்புகிறேன். மறைந்த பிறகு இணைப்பைத் தேட முடியாதல்லவா?

மாதிரி இதோ:

பொருள்: சேமித்த 23 பாடல்கள் நீங்கின, மூன்றாம் முறை

"வணக்கம். என் சந்தா நடப்பில் உள்ளது. ஜனவரி 14 இரவு 9.30 மணிக்கு (இந்திய நேரம்) 412 பாடல்கள் இருந்தன. மறுநாள் காலை 7 மணிக்கு 389 மட்டுமே உள்ளன. உலாவியிலும் கைபேசியிலும் ஒரே நிலை. நானோ குடும்பத்தினரோ எதையும் நீக்கவில்லை. வெளியேறி நுழைந்தும், செயலியை மீண்டும் நிறுவியும் பயனில்லை. கைபேசியின் மாதிரி, செயலியின் பதிப்பு, நீங்கிய பாடல்களின் இணைப்புகள், இரு திரைகளையும் பிடித்த படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். இப்பாடல்கள் எந்தக் கருவியிலிருந்து, எப்போது நீக்கப்பட்டன என்பதைப் பதிவேட்டில் பார்த்துத் தெரிவிக்கவும். அவற்றை மீட்டுத் தரவும் வேண்டுகிறேன்."

பதிவேட்டைப் பார்க்கச் சொல்லும் வரிதான் முக்கியம்: "சரிசெய்யுங்கள்" என்றால் பொதுப் பதில் வரும், பதிவேட்டைக் கேட்டால் யாராவது அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். கடவுச்சொல்லை எழுதாதீர்கள். அடுத்த முறை மறையும்போது புதிய மின்னஞ்சல் தொடங்காமல், அதே புகார் எண்ணுக்கே பதில் அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை: ஒரு வாசகருக்குப் பாடல்கள் மறையவே இல்லை, கைபேசி எண்ணால் ஒரு கணக்கும் மின்னஞ்சலால் இன்னொரு கணக்கும் தொடங்கியிருந்தார். எந்த முகவரியில் நுழைந்திருக்கிறீர்கள் என்பதை அனுப்பும் முன் அமைப்புகளில் பார்த்து, அதையும் எழுதுங்கள்.