வங்கி 10% வெட்டிவிட்டது, அதோடு வரி முடிந்ததா? நிலையான வைப்பு, பங்கு, யூனிட் டிரஸ்ட் வருமானத்துக்குக் கணக்குப் பார்க்கும் முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. யூடியூபில் தமிழில் தேடினால் வருவதில் பெரும்பகுதி இந்திய வரி விளக்கம். 80சி, நீண்டகால மூலதன ஆதாயம், பான் அட்டை எதுவும் கொழும்பில் இருந்து முதலிடுபவருக்குப் பொருந்தாது. இங்கே நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களும். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. கீழேயுள்ள கணக்கெல்லாம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி 2025/26 ஆண்டுக்கானவை.

படி 1: எது முடிந்த வரி, எது முற்பணம் என்று பிரியுங்கள்

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இலங்கைக் கம்பனி பங்கிலாபம் தரும்போது 15% பிடித்துக்கொண்டு மிகுதியைத் தரும். 30,000 ரூபா பங்கிலாபம் என்றால் 4,500 போய் 25,500 கையில் வரும். வதிவாளரான தனிநபருக்கு அது இறுதி வரி. வேறு வருமானத்தோடு கூட்டத் தேவையில்லை, மேலும் கட்டவும் வேண்டாம், திருப்பிக் கேட்கவும் முடியாது. சில வேளை பிடிப்பே இல்லாமல் முழுத்தொகை வரும். அந்தக் கம்பனிக்கே இன்னொரு கம்பனியிடமிருந்து வரி பிடித்து வந்த பங்கிலாபத்தைப் பகிர்ந்திருந்தால் அப்படி நடக்கும். பிழை என்று நினைக்க வேண்டாம்.

நிலையான வைப்பு வட்டி அப்படியல்ல. வங்கி வட்டியில் 10% முற்பண வருமான வரியாக வெட்டுகிறது. முற்பணம் என்ற பெயரே சொல்கிறது, கணக்கு இன்னும் முடியவில்லை. உண்மையில் கட்டவேண்டிய வரி அதைவிடக் குறையலாம், கூடலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

படி 2: உங்கள் வீதத்தைக் கண்டுபிடியுங்கள்

ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் நிவாரணம். அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6%, அடுத்த 5 இலட்சத்துக்கு 18%, அடுத்த 5 இலட்சத்துக்கு 24%, அடுத்த 5 இலட்சத்துக்கு 30%, எஞ்சியதற்கு 36%. வட்டிக்கென்று தனி வீதம் கிடையாது. சம்பளத்துக்கு மேலே வட்டியை அடுக்குங்கள். அது எந்தப் படியில் விழுகிறதோ அந்த வீதம்தான்.

20 இலட்சம் ரூபா வைப்பு, ஆண்டு வட்டி 8% என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,60,000. வங்கி வெட்டுவது 16,000. கையில் வருவது 1,44,000. இதே வைப்பு மூன்று பேரிடம் இருந்தால் முடிவு மூன்று விதம்.

வெள்ளவத்தையில் இருக்கும், வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு மொத்தம் 1,60,000 மட்டுமே. 18 இலட்சத்துக்குள் அடங்குவதால் வரி பூச்சியம். வெட்டிய 16,000 முழுதும் அவருடையது.

மாதம் 1,50,000 சம்பளம் பெறுபவருக்கு ஆண்டுச் சம்பளமே 18 இலட்சம், நிவாரணம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆகவே வட்டி முழுதும் 6% படியில் விழும். வரி 9,600. வங்கி 16,000 எடுத்திருப்பதால் 6,400 அவருக்குத் திரும்ப வேண்டும்.

மாதம் 3 இலட்சம் சம்பளம் பெறுபவரின் கதை வேறு. ஆண்டுக்கு 36 இலட்சம். நிவாரணம் போக 18 இலட்சம் வரிக்குரியது. அதற்கான வரியைச் சம்பளத்திலேயே பிடித்திருப்பார்கள். வட்டி சேர்ந்தால் 19,60,000 ஆகிறது, அது இன்னும் 24% படிக்குள்தான். வட்டிக்கான வரி 38,400. வங்கி எடுத்த 16,000 போக, 22,400 அவர் தானாகக் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்தாயிற்று, வங்கியும் பிடித்தாயிற்று என்று இவர் நிம்மதியாக இருந்தால், பாக்கிக்கு வட்டியும் தண்டமும் ஏறும்.

படி 3: டின் இலக்கமும் வங்கிக்கான பிரகடனமும்

டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இல்லாமல் எதுவும் நகராது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ird.gov.lk தளத்தில் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு பதியலாம்; நேரில் போவதென்றால் தலைமையகம் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிறது.

ஆண்டின் மொத்த மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்றால், சுய பிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியிடம் கொடுங்கள். வங்கி 10% வெட்டாது. மேலே சொன்ன முதல் நபருக்கு இது பொருந்தும். இரண்டாமவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் எல்லையில் சம்பளமும் வட்டியும் சேர்த்தே பார்க்கப்படும். சம்பளம் மட்டும் 18 இலட்சத்துக்குள் இருக்கிறது என்று கையெழுத்திட்டால் அது பொய்ப் பிரகடனம்.

இரண்டு விஷயம் தவறிப்போகும். ஒவ்வொரு வரி ஆண்டுக்கும், வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பிரகடனம் கொடுக்குமுன் வெட்டியதை வங்கி திருப்பாது. அதை வரி விபரத்திரட்டு மூலம்தான் கேட்க வேண்டும். ஆகவே ஏப்ரல் பிறந்ததும் கொடுப்பதே நல்லது.

படி 4: எந்த ஆண்டு வருமானம்?

தனிநபரின் முதலீட்டு வருமானம் காசு கிடைத்த அடிப்படையில் கணக்கிடப்படும். 2025 ஜூனில் போட்டு 2026 ஜூனில் முதிர்வில் வட்டி பெறும் வைப்பென்றால், வட்டி முழுதும் 2026/27க்கு உரியது. மாதாந்த வட்டியென்றால் மார்ச் 31 வரை வந்தது மட்டும் 2025/26க்கு. பெரிய வைப்புகள் பல ஒரே ஆண்டில் முதிர்ந்தால் அந்த ஆண்டில் மேல் படிக்கு ஏறிவிடலாம். முதிர்வுத் திகதியைத் தெரிவுசெய்யும்போதே இதைப் பாருங்கள்.

படி 5: பங்கு விற்ற இலாபமும் யூனிட் டிரஸ்டும்

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கை விற்று வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அதற்குப் பதில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.3% பங்குக் கொடுக்கல்வாங்கல் தீர்வை போகிறது. தரகு முதலியவற்றோடு சேர்த்து வழக்கமான கட்டணம் ஒவ்வொரு பக்கமும் 1.12%. 2 இலட்சத்துக்கு வாங்கி 2,40,000க்கு விற்றால் 2,240உம் 2,688உம் போய், 40,000 இலாபம் 35,072 ஆகும். நட்டத்தில் விற்றாலும் தீர்வை உண்டு.

மியூச்சுவல் ஃபண்ட் என்று தேடுபவருக்கு இங்கே கிடைப்பது யூனிட் டிரஸ்ட். பணச்சந்தை நிதியத்தின் வருமானம் பெரும்பாலும் வட்டி. அது நிதியத்தின் ஊடாக உங்களுக்கு வந்ததாகவே கொள்ளப்படும். யூனிட் விலை மெதுவாக ஏறுவது மட்டுமே கண்ணில் படுவதால் வரியே இல்லை என்று தோன்றும். ஆண்டு முடிந்ததும் முகாமைக் கம்பனியிடம் வரி அறிக்கை கேட்டு வாங்குங்கள். உங்கள் பங்குக்குரிய வருமானம் அதில் இருக்கும்.

படி 6: விபரத்திரட்டு

மார்ச் முடிந்ததும் ஒவ்வொரு வங்கியிடமும் வரி பிடித்த சான்றிதழ் பெறுங்கள். இணையச் சேவையில் விபரத்திரட்டை நிரப்பும்போது அதிகம் நடக்கும் பிழை, கையில் வந்த 1,44,000ஐ வட்டியாக எழுதுவது. எழுத வேண்டியது 1,60,000. வெட்டிய 16,000ஐ வரவாக வேறு பகுதியில், சான்றிதழில் உள்ளபடியே காட்ட வேண்டும். இரண்டையும் குழப்பினால் கேட்ட தொகை பொருந்தாமல் மீளளிப்பு இழுபடும்.

2025/26க்கான விபரத்திரட்டின் கடைசி நாள் 2026 நவம்பர் 30. பணம் கட்ட வேண்டியவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. காலாண்டுத் தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் வரும். மீதி செப்டம்பர் 30க்குள் தீர்ந்திருக்க வேண்டும். 22,400 கட்ட வேண்டியவர் நவம்பரில் விபரத்திரட்டோடு சேர்த்துக் கட்டினால், அந்தப் பணம் ஏற்கெனவே பிந்தியதுதான்.