சாமத்திய வீட்டு வீடியோவைச் சொந்தக்காரருக்கு மட்டும் காட்டுவது எப்படி?

திருகோணமலையில் ஒரு விசேஷம் முடிந்து, வீடியோக்காரர் பென் டிரைவைக் கையில் தந்த அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து போன் வரும்: "வீடியோ எங்கே?" ஒன்றரை மணி நேர வீடியோவை வட்ஸ்அப்பில் முழுதாக அனுப்ப முடியாது. அப்புறம் யாராவது சொல்வார்கள், "யூடியூப்பில் Unlisted ஆகப் போடு, லிங்க் இருப்பவர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள்" என்று. அந்த யோசனை கலியாண வீட்டுக்குச் சரியாக இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சாமத்திய வீட்டு வீடியோவுக்கு அது போதாது. ஏன் போதாது, அதற்குப் பதில் என்ன செய்வது என்று உப்புவெளியில் என் அக்கா வீட்டு வீடியோவை வைத்தே சொல்கிறேன்.

யூடியூப்பில் மூன்று வகை இருக்கிறது. Public என்றால் ஊர் உலகம் எல்லாம் பார்க்கும். Unlisted என்றால் தேடினால் வராது, உங்கள் சேனலைத் திறந்தாலும் தெரியாது, ஆனால் லிங்க் யார் கையில் போனாலும் திறக்கும், கணக்கு எதுவும் தேவையில்லை. Private என்றால் நீங்கள் பெயர் கொடுத்த கூகுள் கணக்குகளுக்கு மட்டும் திறக்கும்.

Unlisted லிங்கை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதன் கடைசியில் பதினொரு எழுத்துகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும். பயப்பட வேண்டியது அனுப்பிவிடும் பழக்கத்துக்குத்தான். பெரியம்மா தன் மருமகளுக்கு அனுப்புவார், மருமகள் தன் வேலைத்தல வட்ஸ்அப் குழுவில் போடுவார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் மூன்றாவது கையிலேயே பிள்ளையைத் தெரியாதவர்கள் வந்துவிடுகிறார்கள். யாராவது அந்த வீடியோவைத் தங்கள் Public பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிட்டால் தேடலிலும் வரலாம். லிங்க் பரவிவிட்டது என்று தெரிந்தபின் அதை மட்டும் மாற்றவும் வழியில்லை. வீடியோவை Private ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்.

அக்கா சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது: "தம்பி, அண்டைக்கு வீட்ட வந்த சனம் பாக்கட்டும், வர ஏலாமப் போன எங்கட ஆக்கள் பாக்கட்டும். அதுக்கு மேல வேண்டாம்." இதற்கு Private தான் வழி.

முதலில் ஆட்களின் பட்டியல்

வீடியோவை ஏற்றுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். அக்கா வீட்டுப் பட்டியலில் ரொறன்ரோப் பெரியம்மா, லண்டன் சித்தப்பா, மட்டக்களப்பு மாமா, சாம்பல்தீவு அம்மம்மா என்று 14 வீடுகள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர்களின் ஜிமெயில் முகவரி வேண்டும். இங்கேதான் பலர் களைத்துப்போய் Unlisted பக்கம் போய்விடுகிறார்கள். "எனக்கு ஈமெயில் எல்லாம் இல்லை மோனே" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

உண்மையில் அநேகமாக இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து செயலிகள் இறக்கியிருந்தால், அந்தப் போனில் ஒரு கூகுள் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. போன் வாங்கிய அன்று கடைக்காரரோ பேரப்பிள்ளையோ போட்டுக் கொடுத்திருப்பார்கள், அவர்களுக்கே தெரியாது. யூடியூப்பையோ பிளே ஸ்டோரையோ திறந்து, கணக்குப் படம் இருக்கும் சின்ன வட்டத்தைத் தொட்டால் முகவரி தெரியும். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் வாயால் சொல்லி எழுதவேண்டாம். ஜிமெயிலில் இடையில் வரும் புள்ளி விடுபட்டால் பரவாயில்லை, ஆனால் ஓர் எழுத்தோ இலக்கமோ மாறினால் அது வேறு ஒருவருடைய முகவரியாக இருக்கலாம், அழைப்பு அந்த அந்நியருக்குப் போய்விடும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் கணக்கு இல்லாமல் இருக்கலாம். அவர்கள் ஒன்று திறக்க வேண்டும், அல்லது அந்த வீட்டில் இன்னொருவருடைய கணக்கில் பார்க்க வேண்டும். அம்மம்மாவுக்கு நாங்கள் செய்தது இரண்டாவது. அவருக்கு மாமியின் போனில்தான் எல்லாம், அதனால் மாமியின் முகவரியைச் சேர்த்தோம்.

வீடியோவை ஏற்றுவது

இந்த வேலையைக் கணினியில் செய்யுங்கள். ஆட்களைச் சேர்க்கும் பெட்டி அங்கேதான் சிரமமில்லாமல் கிடைக்கும். உலாவியில் இந்த முகவரிக்குப் போய் உங்கள் கணக்கில் நுழையுங்கள்:

```
studio.youtube.com
```

புதிய கணக்கு என்றால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை அது ஏற்காது. youtube.com/verify என்ற பக்கத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, வரும் குறியீட்டைப் போட்டால் அந்தத் தடை நீங்கும்.

ஏற்றுவதற்கு முன் ஒரு சின்னக் காவல் வேலை. Settings என்பதில் Upload defaults என்று இருக்கும். அங்கே Visibility என்பதை Private ஆக்கிவைத்தால், பிறகு அவசரத்தில் எதையாவது அழுத்தினாலும் வீடியோ வெளியே போகாது.

இனி Create, பிறகு Upload videos. கோப்பைத் தெரிவு செய்ததும் தலைப்பு கேட்கும். பிள்ளையின் முழுப்பெயரையும் பாடசாலையையும் இங்கே எழுதவேண்டாம். "உப்புவெளி வீடு, ஆவணி" என்றால் சொந்தக்காரருக்குப் புரியும். அடுத்து, வீடியோ குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதா என்று ஒரு கேள்வி வரும். வீடியோவில் பிள்ளை இருக்கிறாளே என்று பலர் ஆம் என்கிறார்கள். கேட்பது பார்ப்பவர்கள் யார் என்பதை, உள்ளே இருப்பது யார் என்பதை அல்ல. குடும்ப வீடியோவுக்கு No, it's not made for kids என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

பிறகு Checks என்ற பக்கம். இதைப் பார்க்காமல் தாண்டிப் போகவேண்டாம். நம் வீடியோக்காரர்கள் ஆலத்தி எடுக்கும் காட்சியிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை சினிமாப் பாட்டை நிரப்பித் தருவார்கள். வீடியோ Private ஆக இருந்தாலும் யூடியூப் பாட்டின் உரிமையைச் சோதிக்கும். சில பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது, சிலவற்றால் குறிப்பிட்ட நாடுகளில் வீடியோ மறிக்கப்படும். அப்படியானால் மட்டக்களப்பில் ஓடும் வீடியோ லண்டனில் ஓடாது, சித்தப்பா நீங்கள் அவரைச் சேர்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். மறிக்கப்பட்ட நாடுகள் எவை என்பதை அந்தப் பக்கமே காட்டும். அங்கே கனடாவோ பிரித்தானியாவோ இருந்தால், வீடியோக்காரரிடம் பாட்டில்லாமல் நாதஸ்வரமும் மேளமும் பேச்சும் மட்டும் இருக்கும் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்தப் பிரதிதான் பிடிக்கும். மாமியார் மச்சாள்மாரின் பகிடிகள் அதில்தான் கேட்கும்.

கடைசியில் Visibility. Private தெரிவாகி இருக்கிறதா என்று பார்த்து Save கொடுங்கள்.

ஆட்களைச் சேர்ப்பது

இடப்பக்கத்தில் Content என்பதை அழுத்தினால் உங்கள் வீடியோ வரிசையில் தெரியும். அதைத் திறந்து, Visibility பெட்டியைத் தொட்டால் Private என்பதோடு Share privately என்று இருக்கும். அதில் வரும் கட்டத்தில் முகவரிகளை ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். மின்னஞ்சல் மூலம் அறிவிக்கவா என்ற தெரிவும் அங்கேயே இருக்கும். பிறகு Save.

இந்த Save ஐ மறந்துவிட்டுப் பெட்டியை மூடினால் ஒருவரும் சேரமாட்டார்கள். மூடியபின் மறுபடி திறந்து பெயர்கள் நிற்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

இப்போது வீடியோவின் லிங்கைப் பிரதி செய்து, குடும்ப வட்ஸ்அப் குழுவிலேயே போடலாம். குழுவில் 40 பேர் இருந்தாலும் பட்டியலில் உள்ள கணக்குகளுக்கு மட்டும்தான் திறக்கும். பெரியம்மாவின் மருமகள் அதை எங்கே அனுப்பினாலும் அங்கே ஒன்றும் ஓடாது.

அனுப்பும் முன் நீங்களே சோதியுங்கள். உலாவியில் இன்கொக்னிடோ ஜன்னலைத் திறந்து லிங்கை ஒட்டுங்கள். வீடியோ பிரைவேட் என்ற செய்தி வரவேண்டும். அங்கே வீடியோ ஓடினால் அது இன்னும் Unlisted அல்லது Public ஆக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, பட்டியலில் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்து அவருடைய போனில் திறந்து பாருங்கள். இரண்டும் சரி என்றால் குழுவில் போடுங்கள்.

"எனக்குத் திறக்கவில்லை"

இந்தச் செய்தி கட்டாயம் வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: போனில் இரண்டு கணக்கு இருக்கிறது, யூடியூப் மற்றதில் திறந்திருக்கிறது. ரொறன்ரோப் பெரியம்மாவுக்கு அதுதான் நடந்தது. அவர் அனுப்பிய முகவரி அவருடையது, யூடியூப்பில் இருந்ததோ மகன் தன் பாட்டுகளுக்காகப் போட்ட கணக்கு. "பெரியம்மா, யூடியூப்பில உங்கட வட்டத்தைத் தொடுங்கோ, மேல என்ன முகவரி எண்டு வாசியுங்கோ" என்று கேட்டதும் விளங்கிவிட்டது. அங்கேயே கணக்கை மாற்றிவிட்டு லிங்கை மறுபடி தொட்டதும் ஓடியது. யாருக்காவது திறக்காவிட்டால் புதிய முகவரி சேர்க்கவோ Unlisted ஆக்கவோ அவசரப்படாமல் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

வாழ்த்து எழுத இடமில்லையே என்றும் சிலர் கேட்பார்கள். Private வீடியோவில் கருத்து எழுத முடியாது. வாழ்த்துகள் வட்ஸ்அப் குழுவிலேயே இருக்கட்டும்.

பட்டியலில் உள்ள ஒருவர் திரையைப் பதிவு செய்தாலோ, இன்னொரு போனால் படம் பிடித்தாலோ எந்த அமைப்பும் தடுக்காது. அதனால் பட்டியலைச் சுருக்கமாக வைத்திருங்கள், எல்லாரும் பார்த்து முடிந்த ஒரு மாதத்தில் Share privately பெட்டியைத் திறந்து முகவரிகளை நீக்கிவிடுங்கள். வீடியோ உங்கள் கணக்கில் இருக்கும், பழைய லிங்க் மற்றவர்களுக்குத் திறக்காது.

வீட்டில் பழைய Unlisted வீடியோக்கள் இருந்தால் அவற்றையும் ஒருமுறை பாருங்கள். 2017 க்கு முன் ஏற்றிய Unlisted வீடியோக்களை, உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லாதவிடத்து, யூடியூப் 2021 ஜூலையில் தானாகவே Private ஆக்கிவிட்டது. பழைய கலியாண வீடியோ திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் அதுதான் காரணமாக இருக்கலாம். அதன்பின் ஏற்றியவை அப்படியே லிங்க் உள்ள எல்லாருக்கும் திறந்து கிடக்கும். Content வரிசையில் Visibility நிரலைப் பார்த்தாலே எவை என்று தெரியும். பிள்ளைகள் இருப்பவற்றை ஒவ்வொன்றாக Private ஆக்குங்கள்.

பென் டிரைவை மட்டும் யூடியூப்பில் இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். Studio விலிருந்து உங்கள் வீடியோவையே திரும்ப இறக்கினால் கிடைப்பது தரம் குறைந்த பிரதி. வீடியோக்காரர் தந்த மூலக் கோப்பை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி எடுத்து வையுங்கள்.